சேனாரியில் யாரைப் பழிவாங்கினார்கள்?

ஒவ்வொரு சாதியப் படுகொலைக்குப் பிறகும் நம் தோழர்கள் சிலரிடமிருந்து ஒரு குரல் எழுகிறது: "அவர்களிலும் நாலு பேர் செத்தால்தான் புத்தி வரும்." சேரி எரியும்போது வாய்மூடி இருந்தவர்களுக்கு இந்தக் கோபத்தைக் கண்டிக்கும் தகுதி கிடையாது. ஆனால் 'அவர்களில்' என்றால் யார் என்பதை நாம் கேட்டாக வேண்டும். பீகாரில் அந்தச் சொல் செயலுக்கு வந்தது.

1997 டிசம்பர் 1 இரவு, சோன் ஆற்றங்கரையில் உள்ள லட்சுமண்பூர் பாத்தே கிராமத்தில் ரன்வீர் சேனா 58 பேரைக் கொன்றது. பூமிகார் நிலவுடைமையாளர்களின் கூலிப்படை அது. செத்தவர்களில் பாதிக்கும் மேல் பெண்களும் குழந்தைகளும். விட்டால் வளர்ந்து நக்சலைட் ஆவார்கள் என்பதே குழந்தைகளைக் கொன்றதற்குச் சேனா தரப்பு சொன்ன நியாயம். என்ன செய்தாய் என்று கேட்கவில்லை, எந்தச் சாதியில் பிறந்தாய் என்பதே போதுமானதாக இருந்தது. 1999 ஜனவரியில் சங்கர்பிகா, பிப்ரவரியில் நாராயண்பூர் என்று கொலைகள் தொடர்ந்தன.

மார்ச் 18 இரவு பதிலடி வந்தது. மாவோயிஸ்ட் கம்யூனிஸ்ட் சென்டர் படை சேனாரி கிராமத்துக்குள் புகுந்து, பூமிகார் ஆண்களை வீடுகளிலிருந்து இழுத்துவந்து 34 பேரைக் கழுத்தறுத்துக் கொன்றது. பாத்தேவுக்குத் துப்பாக்கியோடு போனவன் இவர்களில் யார் என்று அந்த இரவில் யாரும் விசாரிக்கவில்லை. சாதியே சாட்சியமானது. சேனாவின் அளவுகோலை அப்படியே வாங்கி மறுபக்கம் வைத்துவிட்டார்கள்.

கொல்ல வந்த சேனாவை எதிர்த்து ஊர் திருப்பிச் சுட்டிருந்தால் அது தற்காப்பு. சட்டமே அதற்கு இடம் தருகிறது. கூலிக்காக வேலைநிறுத்தம் செய்து நிலத்தைத் தரிசாகப் போட வைப்பதும் பதிலடிதான், அது சுரண்டியவனை மட்டும் தாக்கும். சேனாரி இந்த இரண்டிலும் சேராது.

விலை கொடுத்தது யார்? சேனாரியை நடத்திய படை இருட்டில் மறைந்துவிட்டது. 2000 ஜூனில் சேனா மியாபூருக்குள் புகுந்து முப்பதுக்கும் மேற்பட்ட ஏழைகளைச் சுட்டுத் தள்ளியது. சேனாரி என்ற பெயர், சேனாவுக்கு ஒரு துக்கத்தையும் ஒரு சாக்கையும் கொடுத்திருந்தது.

நீதிமன்றம் நியாயம் தராதபோது வேறு வழி என்ன என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பாத்தே வழக்கில் தண்டிக்கப்பட்ட 26 பேரையும் 2013-இல் பாட்னா உயர்நீதிமன்றம் விடுவித்தது. கீழ்வெண்மணித் தீர்ப்பை அறிந்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் பழிவாங்கலுக்கும் அதே முடிவுதான். சேனாரி வழக்கிலும் 2021-இல் அனைவரும் விடுதலை. இரண்டு ஊர்களிலும் கொலைகாரர்கள் யார் என்பது சட்டப்படி நிரூபணமாகவில்லை.

2012 ஜூனில் சேனாவின் தலைவர் பிரம்மேஷ்வர் முகியா ஆரா நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டது யார் என்று தெரியும் முன்பே, அவருடைய ஆட்கள் அதே ஊரில் இருந்த தலித் மாணவர் விடுதியைத் தேடிப் போய்த் தீ வைத்தார்கள்.