பாதி லோடுன்னா பாதி டீசல் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. நம்ம கோயில் ஜெனரேட்டர் கணக்கு சம்பந்தமா போன வாரம் கமிட்டி கூட்டத்தில் ஒரு பேச்சு வந்துச்சு. வாட்சாப்பிலும் ஓடுது. அதற்குத்தான் தொண்டூழியர்கள் நாங்கள் இதை எழுதுறோம்.

நம்ம கோயிலுக்கு இன்னும் மின்சார இணைப்பு வரலை என்பது தெரியும். தினமும் சாயங்காலம் 4 மணி நேரம், வெள்ளிக்கிழமை 5 மணி நேரம் 20 கேவிஏ ஜெனரேட்டர் ஓடுது. போன மாதம் டீசல் செலவு 800 வெள்ளி கிட்ட வந்துச்சு. பொருளாளர் அண்ணன் போட்டு வைத்திருந்த கணக்கு 519 வெள்ளி. வித்தியாசம் 90 லிட்டருக்கு மேல். "அந்த டீசல் எங்கே போச்சு?" என்று ஒருவர் கேட்டார். கேட்டவர் தினமும் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் தம்பியைப் பார்த்தபடி கேட்டார். தம்பி ஒன்றும் பேசாமல் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் வரவில்லை.

டீசல் எங்கேயும் போகலை. கணக்குதான் தப்பு. ஆனால் அண்ணன் போட்ட கணக்கை முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போடுவாங்க. அதனால் அவரையும் யாரும் குறை சொல்ல வேண்டாம்.

அவர் செய்தது இதுதான். ஜெனரேட்டர் புத்தகத்தில் முழு லோடு 16 கிலோவாட், மணிக்கு 4.8 லிட்டர் என்று இருக்கு. நம்ம சாதாரண நாள் லோடு 4 கிலோவாட், அதாவது கால்வாசி. 4.8-இல் கால்வாசி 1.2 லிட்டர். வெள்ளிக்கிழமை 8 கிலோவாட், பாதி, 2.4 லிட்டர். சாதாரண நாள் 26, அது 104 மணி நேரம். வெள்ளி நாலு, அது 20 மணி நேரம். மொத்தம் 173 லிட்டர். லிட்டர் 3 வெள்ளி வைத்தால் 519.

பெருக்கலில் தப்பே இல்லை. ஆனா இஞ்சின் அப்படிக் குடிக்காது. ஒரு பல்பு எரிந்தாலும் சரி, கோயில் முழுக்க விளக்கு எரிந்தாலும் சரி, அது நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றியே ஆகணும். தன் சொந்த எடையைச் சுற்ற, ரேடியேட்டர் காற்றாடியைச் சுற்ற, எண்ணெய் பம்பு, தண்ணி பம்பு ஓட்ட, எல்லாத்துக்கும் டீசல் வேணும். ஒரு லாரி வெறுமனே நின்று உறுமினாலும் டீசல் குறையுது இல்லையா, அது மாதிரி.

எவ்வளவு என்று நாங்களே அளந்து பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா ஓட விட்டோம். 1 லிட்டர் போச்சு. ஒரு விளக்குகூட எரியலை! திங்கட்கிழமை வழக்கமான பூசை நேரம் 4 மணிக்கு 7.9 லிட்டர், அதாவது மணிக்கு 2 லிட்டர். வெள்ளிக்கிழமை 5 மணி நேரத்துக்கு 14.5 லிட்டர், மணிக்கு 2.9. ஆக, நம்ம மெஷினுக்கு மணிக்கு 1 லிட்டர் அடிப்படை. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 0.24 என்று வைத்துக்கலாம். முக்கால் லோடுக்கு 3.9 வரும், முழு லோடுக்கு புத்தகத்தில் உள்ள அதே 4.8 வரும்.

இப்போ மாதக் கணக்கைப் பாருங்க. 104 மணி நேரம் 2 லிட்டர் வீதம் 208. 20 மணி நேரம் 2.9 வீதம் 58. மொத்தம் 266 லிட்டர், 798 வெள்ளி. ரசீதும் அதே. தம்பி ஒரு சொட்டுகூட எடுக்கலை.

அளக்கும் விதத்தையும் சொல்லிடுறோம், யாராவது வந்து பார்க்கணும்னா பார்க்கலாம். டாங்கியைக் கழுத்து வரை நிரப்பி, நுரை அடங்கும் வரை நின்று, மறுபடியும் அதே கோடு வரை ஊற்றணும். ஓடி முடிந்ததும் லிட்டர் கோடு போட்ட கேனால் அதே கோடு வரை ஊற்றி, எவ்வளவு ஊற்றினோம் என்று எழுதணும். மீட்டர் முள்ளை நம்பாதீங்க. லோடுக்கு கிளாம்ப் மீட்டர் போதும். மூணு பேஸ் வயரிலும் தனித்தனியா ஆம்பியர் பார்த்துக் கூட்டினோம், 21 வந்தது. 230-ஆல் பெருக்கினால் 4830. பேன், மோட்டார் எல்லாம் இருப்பதால் அதில் 85 விழுக்காடு எடுத்தோம், 4100 வாட். அதுதான் அந்த 4 கிலோவாட்.

இதே லோடுக்கு அடுத்த மாதம் திடீரென 2.5 லிட்டர் காட்டினால் அப்போ தேடலாம். புகை கறுப்பா வந்தால் ஏர் பில்டர் அடைத்திருக்கும், அல்லது இஞ்செக்டர் கெட்டிருக்கும். அடியில் வெள்ளைத் துணி விரித்து வைத்தால் ஒழுக்கு இருந்தாலும் தெரிந்துவிடும். மனுசனைச் சந்தேகப்படுவது அதுக்கெல்லாம் அப்புறம்.

இன்னொரு விசயம். ஒரு நல்ல உள்ளம் 60 கேவிஏ மெஷின் ஒன்றை நன்கொடையா தர்றேன் என்று சொல்லியிருக்கார். அவருக்கு நன்றி. ஆனா வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அந்த அளவு இஞ்சின் சும்மா ஓடவே மணிக்கு இரண்டரை லிட்டர் அளவு கேட்கும். நம்ம 4 கிலோவாட்டுக்கு மூணரை, வெள்ளிக்கிழமை நாலரை என்று வைத்தால் மாதம் 454 லிட்டர், 1362 வெள்ளி. மெஷின் இலவசம், ஆனா மாதா மாதம் 564 வெள்ளி கூட. 2024 ஜூன் 10-க்கு முன்னால் தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 காசா இருந்தப்போ பரவாயில்லைன்னு விட்டிருக்கலாம். அன்றைக்கு ஒரே நாளில் 3 வெள்ளி 35 காசு ஆச்சே, மறந்துட்டீங்களா? அதுக்கப்புறம் விலை ஏறி இறங்குது. அதனால்தான் கணக்குக்கு 3 வைத்தோம்.

காசு மட்டும் இல்லை. பெரிய இஞ்சின் லேசான லோடில் ஓடிக்கிட்டே இருந்தால் போதுமான சூடு ஏறாது, டீசல் சரியா எரியாது. புகைக்குழாய் வாயில் கறுப்பா எண்ணெய்ப் பிசுக்கு வழியும். பொதுவா லோடு 30 விழுக்காட்டுக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டக்கூடாது என்பாங்க. உண்மையைச் சொன்னால் நம்ம 20 கேவிஏவே சாதாரண நாளில் 25 விழுக்காடுதான். வெள்ளிக்கிழமை லோடு ஏறுவதால் தப்பிக்குது. அதற்காக ரொம்பச் சின்னதும் ஆகாது. தண்ணி மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும்போதைவிடப் பல மடங்கு கரண்டு இழுக்கும், மெஷின் மூச்சு வாங்கும்.

திருவிழா மூணு நாளைக்குப் பெரிய மெஷினை வாடகைக்கு எடுத்துக்கலாம். அந்த நன்கொடையாளர் விரும்பினால் ஸ்பாட் லைட்டுகளை எல்இடியா மாற்றித் தரட்டும். 1 கிலோவாட் குறைந்தால் மாதம் 124 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 30 லிட்டர், 90 வெள்ளி மிச்சம்.

இனிமேல் ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கும். ஓடிய மணி, ஊற்றிய லிட்டர் இரண்டையும் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடணும். தம்பி வீட்டுக்கு நேற்று நாங்கள் மூணு பேர் போய் இந்தக் கணக்கைக் காட்டினோம். அவன் அம்மா காப்பி போட்டுக் கொடுத்தார். "யோசிச்சுச் சொல்றேன்ணே" என்றான். அன்று கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவரும் ஒரு தடவை போய்ப் பேசினால் நல்லா இருக்கும். சாவி இன்னும் ஆபிஸ் மேசையில்தான் இருக்கு.