கணையமே பழுதாகி வரும் சர்க்கரை நோய்: இன்சுலின் குறைவு, கவனம் அதிகம்!

சர்க்கரை நோய் என்றதும் டைப் 1, டைப் 2 என்ற இரண்டு பெயர்கள்தான் நினைவுக்கு வரும். சிறு வயதிலேயே இன்சுலின் ஊசி போட வேண்டியிருந்தால் டைப் 1, நடுத்தர வயதில் மாத்திரையில் தொடங்கினால் டைப் 2 என்பது பொதுவான கணக்கு. இந்தக் கணக்கில் அடங்காத இன்னொரு வகையும் இருக்கிறது. கணையம் என்ற உறுப்பே நோயாலோ அறுவை சிகிச்சையாலோ பாதிக்கப்பட்டு, அதனால் வரும் சர்க்கரை நோய் அது. மருத்துவர்கள் இதை டைப் 3சி என்கிறார்கள்.

இந்த வகையைப் பலரும் கவனிப்பதில்லை. இங்கிலாந்தில் லட்சக்கணக்கானவர்களின் மருத்துவப் பதிவுகளை அலசி 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. கணைய நோய்க்குப் பிறகு சர்க்கரை நோய் வந்தவர்களில் 100-க்கு சுமார் 88 பேருக்கு டைப் 2 என்றே எழுதப்பட்டிருந்தது. சரியான பெயர் எழுதப்பட்டிருந்தது சுமார் 3 பேருக்குத்தான். பெயர் மாறினால் என்ன என்று விட்டுவிட முடியாது. பெயர் மாறும்போது மருந்தும் மாறிவிடுகிறது.

ஓர் உறுப்பு, இரண்டு வேலைகள்

வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கும் கணையம் சுமார் 15 செ.மீ நீளம் கொண்டது. அதன் பெரும்பகுதி, சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் என்சைம்களைச் சுரக்கிறது. இடையிடையே தீவுகள்போலச் சிதறிக்கிடக்கும் சின்னச் சின்ன செல் கூட்டங்கள் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. அங்குள்ள பீட்டா செல்கள் சுரப்பது இன்சுலின். இது ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். பக்கத்திலேயே இருக்கும் ஆல்ஃபா செல்கள் சுரப்பது குளுகோகன். இது, கல்லீரலில் சேமித்துவைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்துக்கு அனுப்பச் சொல்லும்.

வண்டியோடு ஒப்பிட்டால், சர்க்கரைக்கு இன்சுலின் பிரேக், குளுகோகன் ஆக்ஸிலரேட்டர். டைப் 1-ல் உடலின் எதிர்ப்பு சக்தி தவறுதலாக பீட்டா செல்களை மட்டும் தேடித் தாக்குகிறது. டைப் 2-ல் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. டைப் 3சி-யில் மொத்த உறுப்பும் தழும்பாகிப்போகிறது, அல்லது வெட்டி எடுக்கப்படுகிறது. அதனால் பிரேக், ஆக்ஸிலரேட்டர், செரிமான என்சைம் மூன்றுமே குறைகின்றன. இந்த நோயின் வினோதங்கள் எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்.

கேரளாவில் பார்த்த கற்கள்

நம் பகுதிக்கும் இந்த நோய்க்கும் பழைய தொடர்பு உண்டு. மதுப்பழக்கமே இல்லாத, மெலிந்த இளைஞர்களுக்குக் கணையத்தில் கல் உருவாகி, பின்னர் சர்க்கரை நோயும் வருவதை கேரள மருத்துவர் கீவர்கீஸ் விரிவாகப் பதிவு செய்தார். சென்னையிலும் இதுபற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ச்சி நடந்துவருகிறது. வயிற்றை சாதாரண எக்ஸ்-ரே எடுத்தாலே, முதுகெலும்புக்குக் குறுக்கே வெள்ளைப் புள்ளிகளாகக் கற்கள் தெரியும். மரவள்ளிக்கிழங்குதான் காரணம் என்று ஒரு காலத்தில் சந்தேகித்தார்கள். அது நிரூபணமாகவில்லை. சிலருக்கு மரபணுக் குறைபாடு காரணமாக இருப்பது பின்னர் தெரியவந்தது. மதுவால் வரும் நாள்பட்ட கணைய அழற்சியும் இதே முடிவில்தான் கொண்டுபோய் விடுகிறது.

ஓர் உதாரணம்

இப்படி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 42, எடை 50 கிலோ. பத்து ஆண்டுகளாக அடிக்கடி மேல்வயிற்றில் வலி. அது முதுகு வரை பாயும். 38 வயதில் சர்க்கரை தெரிந்தபோது டைப் 2 என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையை இரண்டு மடங்காக்கியும் சர்க்கரை 300-க்குக் கீழே இறங்கவில்லை, எடை மட்டும் இறங்கிக்கொண்டே போனது. மலம் எண்ணெய்ப் பசையாக, கடும் நாற்றத்துடன் மிதந்தது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகவில்லை. வெட்கப்பட்டு அதை அவர் மருத்துவரிடம் சொல்லவே இல்லை.

நோயைக் காட்டிக்கொடுக்கும் முக்கியமான துப்பு அதுதான். கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியேறுகிறது என்று அர்த்தம். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற என்சைமின் அளவைப் பார்த்தால் கணையம் எந்த அளவுக்குச் சுரக்கிறது என்று தெரியும். ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு, 100-க்குக் கீழே போனால் கடுமையான குறைவு. ஸ்கேனில் கற்கள் தெரிந்து, டைப் 1-ஐக் காட்டும் ஆன்டிபாடிகளும் ரத்தத்தில் இல்லை என்றால், டைப் 3சி என்று ஏறக்குறைய உறுதி செய்துவிடலாம்.

அவருக்கு இன்சுலின் தொடங்கினார்கள். நாளைக்கு மொத்தம் 20 யூனிட். இரவில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் 10, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன்பு 4, 3, 3 என்று பிரித்த வேகமான இன்சுலின் 10. இது அவருக்கான அளவு. யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உடல் பருமனோடு இருக்கும் டைப் 2 நோயாளிக்கு இதைப்போல மூன்று நான்கு மடங்கு தேவைப்படலாம்.

'கொஞ்சம்தானே போட்டேன்?'

ஒருநாள் காலை 4 யூனிட் போட்டுக்கொண்டு மூன்று தோசை சாப்பிட்டார். வழக்கமான அளவுதான். ஆனாலும் ஒன்றரை மணி நேரத்தில் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டியது. மீட்டரில் 52 காட்டியது.

இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. தோசையில் இருப்பது மாவுச்சத்து. அது சர்க்கரையாக மாற கணையத்தின் அமைலேஸ் என்சைம் வேண்டும். அது போதாததால் தோசை முழுதாகவோ நேரத்துக்கோ ரத்தத்தில் சேரவில்லை. இன்சுலின் மட்டும் தன் நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. இது முதல் காரணம். சர்க்கரை இறங்கும்போது மற்றவர்களுக்குக் குளுகோகன் ஓடிவந்து கல்லீரலைத் தட்டி எழுப்பும். இவருக்கு அப்படித் தட்டி எழுப்ப ஆளில்லை. இது இரண்டாவது காரணம். அதனால்தான் சர்க்கரை இறங்கத் தொடங்கினால் சரசரவென்று இறங்குகிறது, தானாக மேலே ஏறுவதில்லை. இன்சுலின் அளவு சிறியதாக வைக்கப்படுவதற்கும் இதுவே முக்கியக் காரணம். எதிர்த்து இழுக்க குளுகோகன் இல்லாதபோது, சிறிய அளவு இன்சுலினே பெரிதாக வேலை செய்கிறது.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடரையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பிஸ்கட், பிரெட், சாக்லேட் வேண்டாம். மாவும் கொழுப்பும் இவர்களுக்கு மெதுவாகத்தான் செரிக்கும். குளுக்கோஸுக்குக் கணையத்தின் உதவி தேவையில்லை. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மது குடித்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதை மது தடுத்துவிடும். குடித்துவிட்டுச் சாப்பிடாமல் தூங்குபவருக்கு நள்ளிரவில் சர்க்கரை இறங்கினால், அருகில் படுத்திருப்பவர்கள் போதை என்றே நினைத்துவிடுவார்கள்.

மாத்திரை போட்டதும் சர்க்கரை ஏறுகிறதே!

அடுத்து அவருக்கு என்சைம் கேப்சூல் கொடுத்தார்கள். முழு சாப்பாட்டுக்கு வழக்கமாக 40,000 முதல் 50,000 லிப்பேஸ் யூனிட், நொறுக்குத்தீனிக்கு அதில் பாதி. முதல் வாயோடு தொடங்கி, சாப்பாட்டின் நடுவிலும் பிரித்துப் போட வேண்டும். சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் அதில் பெரிதாகப் பயனில்லை. இந்த என்சைம் பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. அதை ஏற்க முடியாதவர்கள் மருந்தை நிறுத்திவிடாமல், முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

இரண்டு வாரத்தில் மலம் சரியானது, வயிற்று உப்புசம் குறைந்தது. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு 160 ஆக இருந்த சர்க்கரை 240 ஆனது. 'இந்த கேப்சூல்தான் சர்க்கரையை ஏற்றுகிறது' என்று அவர் நிறுத்திவிட்டார். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். சர்க்கரை ஏறியதற்குக் காரணம், இதுவரை வீணாகப் போன சாப்பாடு இப்போது உடம்பில் சேர்வது. செய்ய வேண்டியது கேப்சூலைத் தொடர்ந்து, மருத்துவர் சொல்படி இன்சுலினைக் கூட்டுவது. அவருக்குக் காலை 4 யூனிட் 6 ஆனது. மூன்று மாதத்தில் எடை 3 கிலோ கூடியது.

கேப்சூலை ஒருவேளை போட்டு ஒருவேளை மறப்பவருக்குச் சர்க்கரை ஊஞ்சலாடும். அதே இட்லி, அதே இன்சுலின், ஆனால் ஒருநாள் 60, மறுநாள் 260. அதனால் மீட்டர் அளவை எழுதும் நோட்டில், கேப்சூல் போட்டதா இல்லையா என்றும் ஒரு குறிப்பு எழுதினால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

மூன்று மாத சராசரியான ஹெச்பிஏ1சி-யை மட்டும் நம்புவதும் சரியல்ல. 60-ஐயும் 260-ஐயும் சேர்த்தால் சராசரி நன்றாகத்தான் தெரியும். இரவு உட்பட நாள் முழுவதும் அளவைக் காட்டும் சென்சாரைக் கொஞ்ச நாளாவது மாட்டிப் பார்ப்பது இவர்களுக்கு உண்மையான நிலவரத்தைச் சொல்லும்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு

கட்டிக்காகவோ தீராத வலிக்காகவோ கணையத்தின் ஒரு பகுதியை எடுக்கும்போது, எந்தப் பகுதி என்பது முக்கியம். இன்சுலின் சுரக்கும் தீவுகள் வால் பகுதியில் அடர்த்தியாக இருக்கின்றன. எவ்வளவு எடுக்கப்பட்டது, மிச்சம் இருப்பது ஏற்கெனவே எவ்வளவு பழுதாகியிருந்தது என்பதைப் பொறுத்தே சர்க்கரை நோய் வருவது அமையும். முழுக் கணையத்தையும் எடுத்தால் அன்றே சர்க்கரை நோய் தொடங்கிவிடும். ஊசியை ஒருநாள்கூட நிறுத்த முடியாது, அதேநேரம் ஒன்றிரண்டு யூனிட் கூடினாலும் தாங்காது. இவர்கள் டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே, வீட்டில் இன்னொருவரும் லோ சுகரைக் கண்டுபிடிக்கவும் கையாளவும் கற்றுக்கொள்வது அவசியம்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

புதிதாக ஒரு சர்க்கரை மருத்துவரைப் பார்க்கும்போது, கணைய அழற்சிக்காகப் படுத்தது, கல், அறுவை சிகிச்சை, மதுப்பழக்கம், மலத்தில் எண்ணெய்ப் பசை ஆகியவற்றை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டைப் 2-க்குத் தாராளமாக எழுதப்படும் சில மருந்துகளை, கணைய அழற்சி வந்தவர்களுக்கு மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்று கையில் இருந்தால், டைப் 2 என்ற தவறான சீட்டு இன்னொரு முறை ஒட்டப்படாது.

நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களுக்குக் கணையப் புற்றுநோய் அபாயமும் மற்றவர்களைவிடக் கூடுதல். நன்றாகக் கட்டுப்பட்டிருந்த சர்க்கரை காரணமே இல்லாமல் எகிறினாலோ, கேப்சூலைச் சரியாகப் போட்டும் எடை குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ, இன்சுலினைக் கூட்டிக்கொண்டு காத்திருக்காமல் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே சரி.