மூணு வருஷத்துல நாலு வேலையா?

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனி. அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஓர் இடம் காலி. இன்டர்வியூவுக்கு வந்திருந்த பெண்ணுக்கு 24 வயது. பி.காம். முடித்து மூன்று வருடம் ஆகிறது. எதிரே இருந்த மேனேஜர் ரெஸ்யூமைக் கையில் எடுத்தார். ஒரே பக்கம்தான். மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

"ஏம்மா, மூணு வருஷத்துல நாலு கம்பெனியா? எங்கயும் நிக்க மாட்டீங்களா?"

"குரோத் இல்லைங்க சார், அதான்..."

"இதுல?"

"அங்கயும் குரோத் இல்லைங்க சார்."

மூன்றாவது கம்பெனியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. "சரிம்மா, சொல்லி அனுப்பறோம்" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். இப்போது இருக்கும் கம்பெனி தன் அக்கவுண்ட்ஸ் பிரிவைச் சென்னைக்கு மாற்றுகிறது. வீட்டில் அம்மாவைத் தனியே விட்டு அவளால் போக முடியாது. செப்டம்பர் மாதத்தோடு அங்கே வேலை முடிகிறது.

அன்று மாலை சித்தப்பா வீட்டுக்குப் போனாள். அவர் ஒரு நூற்பாலையில் பல வருடங்கள் ஹெச்.ஆர். வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயிரக்கணக்கான ரெஸ்யூம்களைப் பார்த்த கண்.

கேட்டது வேறு, அறிய நினைத்தது வேறு

"கண்ணு, ஏன் விட்டேன்னுதான் அவர் வாய் கேட்டுச்சு. மனசு கேட்டது, இங்கயும் எட்டு மாசத்துல விட்டுட்டுப் போயிருவியான்னு" என்றார் சித்தப்பா.

ஓர் ஆளைப் புதிதாக எடுத்து, பழக்கி, அந்த இடத்தின் கணக்கு புரியவைக்கவே சில மாதங்கள் ஆகிவிடும். வேலை கைக்கு வரும் நேரத்தில் அவர் போய்விட்டால், மேனேஜர் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவருடைய பயம் அதுதான். விசுவாசம் பற்றிய பாடம் எதையும் அவர் நடத்த வரவில்லை.

"குரோத் இல்லைன்னு சொன்னா அந்தப் பயம் போகாது, கூடும். நாளைக்கு எங்க கம்பெனியிலயும் குரோத் இல்லைன்னு தோணுமேன்னு நினைப்பார். சரி, ஒவ்வொரு இடத்துலயும் நிஜமா என்ன நடந்துச்சு, சொல்லு."

அவள் சொன்னாள். முதல் வேலை, 2022 ஜூலையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில். எட்டு மாதம். அதைவிட மூவாயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று, மேன்பவர் ஏஜென்சி மூலம் ஒரு தொழிற்சாலைக்கு ஆறு மாத கான்ட்ராக்ட்டில் போனாள். 2023 ஆகஸ்டில் கான்ட்ராக்ட் முடிந்தது. அக்டோபரில், ஆன்லைனில் பொருள் விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே ஏழு மாதம் இருந்தாள். கடைசி இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை. 2024 ஜூனிலிருந்து இப்போதைய கம்பெனியில், பதினாலு மாதமாக.

"இதுல எங்க கண்ணு குரோத் வந்துச்சு? நாலுக்கும் நாலு காரணம் இருக்கு. எல்லாத்தையும் ஒரே வார்த்தையில போட்டு மூடிட்டியே!"

ரெஸ்யூமே பாதி பதில் சொல்லும்

அவள் ரெஸ்யூமில் கம்பெனி பெயரும் வருடமும் மட்டும் இருந்தன. '2022–2023', '2023', '2023–2024' என்று. மாதம் போடாவிட்டால் குறைவான காலம் தெரியாது என்று ஒரு தோழி சொன்னாளாம். நடப்பது நேர்மாறு. மாதம் இல்லாத ரெஸ்யூமைப் பார்த்ததும், ஏதோ மறைக்கப்படுகிறது என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். சித்தப்பா நான்கு வரிகளையும் திருத்தி எழுதச் சொன்னார்.

ஆடிட்டர் ஆபீஸ், 2022 ஜூலை – 2023 பிப்ரவரி.
தொழிற்சாலை, ஏஜென்சி மூலம் 6 மாத கான்ட்ராக்ட், 2023 மார்ச் – ஆகஸ்ட், கான்ட்ராக்ட் முழுவதும் முடிக்கப்பட்டது.
ஆன்லைன் விற்பனைக் கம்பெனி, 2023 அக்டோபர் – 2024 ஏப்ரல்.
இப்போதைய கம்பெனி, 2024 ஜூன் முதல். அக்கவுண்ட்ஸ் பிரிவு சென்னைக்கு மாறுகிறது.

இரண்டாவது வரியில் சேர்ந்த சில வார்த்தைகள் பெரிய வேலை செய்கின்றன. ஆறு மாதத்தில் ஓடிப்போனவள் என்று தெரிந்தவள், ஒப்புக்கொண்ட ஆறு மாதத்தையும் முடித்துக் கொடுத்தவளாகத் தெரிகிறாள். கடைசி வரி, கேள்வி வருவதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிறது. சம்பளம் வராத கதையை மட்டும் ரெஸ்யூமில் எழுத வேண்டாம், நேரில் கேட்டால் சொன்னால் போதும் என்றார். அதை எழுத்தில் பார்ப்பவருக்கு அது புகார் மாதிரி தெரியும்.

மறைத்தால் எங்கே தெரியும்?

"சித்தப்பா, அந்த ஏழு மாச வேலையை எடுத்துட்டு, இப்ப இருக்கற வேலையை முன்னாடி தேதியில இருந்து காட்டிட்டா?"

"பிஎஃப்ல நிக்குமே கண்ணு!"

20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு பிஎஃப் சட்டம் பொருந்தும். ஒருவர் எத்தனை கம்பெனி மாறினாலும் யூஏஎன் நம்பர் ஒன்றுதான். பிஎஃப் இணையதளத்தில் View பகுதியில் Service History என்று இருக்கும். எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்று வரிசையாக அங்கே வந்துவிடும். வேலைக்கு எடுத்த பிறகு பின்னணி சரிபார்க்கும்போது, அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கும் கம்பெனிகள் உண்டு. ஏழு மாத வேலை பார்த்தது குற்றமில்லை. தேதியை நீட்டிப் பொய் எழுதியது தெரிந்தால், கையில் கொடுத்த ஆஃபரையே திரும்ப வாங்கிவிடுவார்கள்.

இரண்டு மூன்று வாரம் மட்டும் பார்த்த வேலையை ரெஸ்யூமில் விட்டுவிடலாம். ஆனால், பார்த்த வேலைகள் அனைத்தையும் எழுதவும் என்று கம்பெனியின் படிவம் கேட்டால், அதில் விடக்கூடாது.

அங்கேயே அவள் போனில் பார்த்தபோது வேறொரு சிக்கல் தெரிந்தது. ஆன்லைன் கம்பெனி அவள் விலகிய தேதியைப் பதிவே செய்யவில்லை. இன்னும் அங்கே இருப்பது போலவும், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்ப்பது போலவும் காட்டியது.

இதை அவளே சரிசெய்ய முடியும். கம்பெனி கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் தாண்டியிருந்தால், Manage பகுதியில் உள்ள Mark Exit மூலம், ஆதாருடன் இணைந்த போனுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்து, விலகிய தேதியைப் பதிவு செய்யலாம். ஆனால், கடைசியாகப் பணம் கட்டப்பட்ட மாதத்துக்குள் இருக்கும் தேதியைத்தான் அது ஏற்கும். அவளுக்குக் கடைசி இரண்டு மாதம் சம்பளமும் இல்லை, பிஎஃப்பும் இல்லை. அதனால் ரெஸ்யூமில் ஏப்ரல், பிஎஃப்பில் பிப்ரவரி என்று நிற்கும்.

"அதுக்குத்தான் பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து வச்சுக்கோ. சம்பளம் எந்த மாசத்தோட நின்னுச்சுன்னு அதுல இருக்கும். ராஜினாமா பண்ணின மெயிலையும் எடுத்து வை. கேட்டா காட்டு, கேக்காம நீயா நீட்டாதே."

ஒரு நிமிடப் பதில்

பிறகு பதிலைச் சொல்லிப் பார்க்க வைத்தார். முதல் முறை, சம்பளம் தராத முதலாளியைப் பற்றி மட்டும் ஐந்து நிமிடம் பேசினாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால், பழைய முதலாளியைத் திட்டுவதைக் கேட்கும் புது முதலாளி, நாளை தன்னையும் இப்படித்தான் பேசுவாளோ என்று யோசிப்பார். ஓர் இடத்துக்கு ஒரு வாக்கியம், அதில் நடந்தது மட்டும் என்று சித்தப்பா கணக்கு வைத்தார்.

அடுத்த சிக்கல், அந்த மூவாயிரம் ரூபாய். அதற்கு என்ன சொல்வது?

"பணத்துக்குத்தான் போனேன்னு சொல்லு. மூணு காரணம் வெளியில இருந்து வந்தது, ஒண்ணு உன் அவசரம். நாலும் அடுத்தவங்க தப்புன்னு சொன்னாத்தான் யாரும் நம்ப மாட்டாங்க."

நாலைந்து முறை சொல்லிப் பார்த்தபின் பதில் இப்படி வந்து நின்றது:

"முதல்ல ஆடிட்டர் ஆபீஸ்ல எட்டு மாசம் இருந்தேன், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடக் கத்துக்கிட்டேன். மூவாயிரம் கூடக் கிடைக்குதுன்னு ஆறு மாச கான்ட்ராக்ட்டுக்குப் போனேன், அது என் அவசரம்தான். கான்ட்ராக்ட்டை முழுசா முடிச்சேன். மூணாவது இடத்துல ரெண்டு மாசம் சம்பளம் வரலை, அதனால விலகினேன். இப்ப இருக்கற இடத்துல பதினாலு மாசம் ஆச்சு, அந்தப் பிரிவு சென்னைக்குப் போகுது. நாலு இடத்துலயும் ஒரே வேலையைத்தான் மேல மேல கத்துக்கிட்டேன். ரிட்டர்ன்ல ஆரம்பிச்சு, இப்ப நாம வாங்கின பில்லுகளை GSTR-2B-யோட ஒத்துப் பார்க்கறது வரைக்கும் நானே பண்றேன். நீங்க கேட்டிருக்கறதும் அந்த வேலைதாங்க."

கடைசி மூன்று வாக்கியங்கள்தான் முக்கியம். சிதறிக் கிடக்கும் நான்கு வேலைகளையும் கோக்கும் நூல் அது. அப்படி ஒரு நூல் நிஜமாக இருந்தால்தான் சொல்ல வேண்டும். மூன்று வேலையும் மூன்று திசையில் என்றால், எதை விட்டுவிட்டு எதில் நிற்க முடிவு செய்திருக்கிறோம் என்று சொல்வதே நேர்மை.

"இங்கே எத்தனை நாள் இருப்பாய்?" என்று கேட்டால்? 'கடைசி வரைக்கும்' என்பதை எந்த மேனேஜரும் நம்ப மாட்டார். மாதக் கணக்கை யார் துணையும் இல்லாமல் முடிக்கும் அளவுக்கு வர வேண்டும், அதற்கு இரண்டு மூன்று வருடமாவது வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். அதையே சொல்லச் சொன்னார். கூடவே, அவளும் ஒன்று கேட்க வேண்டும்: "இது கம்பெனி நேரடியாக எடுக்கிற வேலையா, ஏஜென்சி மூலமா? இந்தப் பிரிவு கோவையிலேயே இருக்குமா?" பட்ட பாட்டிலிருந்து பாடம் படித்தவள் என்பதற்கு அந்தக் கேள்வியே சாட்சி.

பேச்சு எங்கே திரும்புகிறது?

அடுத்த இன்டர்வியூ பத்து நாளில் வந்தது. வேறு கம்பெனி, அதே கேள்வி. அவள் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தாள். மேனேஜர் மூன்றாவது கம்பெனியைப் பற்றி இன்னும் ஒரு கேள்வி கேட்டார். "பிஎஃப்ல பிப்ரவரின்னு இருக்கும்ங்க சார், பேங்க் ஸ்டேட்மென்ட் வச்சிருக்கேன்" என்றாள். அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

"சரி, சப்ளையர் பில் நம்மகிட்ட இருக்கு, 2B-யில வரலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

வெளியே வந்ததும் சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். முடிவு இன்னும் சொல்லவில்லை, முக்கால் மணி நேரமும் பில் பற்றியே கேட்டார்கள் என்றாள்.

"விட்டதைப் பத்தி எத்தனை நேரம் பேசினாங்க?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும், சித்தப்பா."

"அப்ப நீ சொன்னதை ஏத்துக்கிட்டாங்க கண்ணு. இனி உன் வேலை பேசும். போய்ச் சாப்பிடு."