வாடகை வீட்டு வாசலில் சாய்தளம்... காசு யார் தரணும், காலி பண்ணும்போது யார் இடிக்கணும்?

இடைசெவல்ல ஒரு வீடு வாடகைக்குப் பார்க்குறீங்கன்னு வெச்சுக்குவோம். கோவில்பட்டிக்கு வேலைக்குப் போய்வர வசதி, வாடகையும் கட்டுப்படியாகுது. ஆனா வாசல்ல மூணு படி, மொத்தம் ஒன்றரை அடி உயரம். உங்க அம்மா சக்கர நாற்காலியில் இருக்காங்க. வீட்டுக்காரர்கிட்ட சாய்தளம் கேட்டா, "செலவை யார் பார்க்குறது? நீங்க போன பிறகு அதை யார் இடிக்கிறது?"ன்னு கேட்பார். நியாயமான கேள்விதான்.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கேன்னு நீங்க சொல்லலாம். ஆனா சாய்தளம் கட்டாயம்னு அது சொல்றது பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களுக்கு. தனியார் வாடகை வீட்டுக்கு உரிமையாளர் கைக்காசு போட்டு மாற்றித் தரணும்னு அதுல இல்லை. ஆக, பேசி முடிவெடுக்காத வரை செலவு உங்களுடையதுதான்.

காலி பண்ணும்போது என்ன ஆகும்? அதுக்கு 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-வது பிரிவு. உரிமையாளர் சம்மதமில்லாம நிரந்தரக் கட்டுமானம் எழுப்பக் கூடாது. அதேசமயம், நீங்க பொருத்தியதை வீடு உங்க வசம் இருக்கும்வரை கழற்றி எடுத்துக்கலாம். ஒரே நிபந்தனை, வீட்டை வாங்கின நிலையில் திருப்பிக் கொடுக்கணும். ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதியிருந்தா அதுதான் செல்லும், அதனால கையெழுத்துக்கு முன்னாடி வாசிங்க.

இப்போ அந்த வாசலுக்கு வருவோம். சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம்ங்கிறது வழக்கமான கணக்கு. ஒன்றரை அடிக்கு 18 அடி. முற்றம் அவ்வளவு இல்லைன்னா தெருவுக்கு நீளும், அங்கே வீட்டுக்காரர் சம்மதம் மட்டும் போதாது, ஊராட்சியிலும் கேட்கணும். இன்னொரு சிக்கல் கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மேலாப்புல கான்கிரீட் போட்டா, மழையும் வெயிலும் மாறி மாறி வந்ததும் விரிசல் விட்டு, வாசலை ஒட்டின இடத்துல விலகி நிக்கும். சக்கரம் அங்கேதான் மாட்டும். பூட்டிக் கழற்றுற இரும்புச் சாய்தளம் இங்கே ரெண்டு வகையில் நல்லது: மண் அசைஞ்சா கால்களுக்கு அடியில் முட்டுக் கொடுத்துச் சரிபண்ணலாம், காலி பண்ணும்போது வண்டியில் ஏத்திக்கலாம்.

குளியலறைக் கைப்பிடி வேற கதை. கழற்றினா சுவர்ல ஓட்டை மிஞ்சும். அமெரிக்காவில் 1988-ல் திருத்தின வீட்டுவசதிச் சட்டத்தின் விதிகள் இதுக்கு ஒரு நல்ல கோடு போட்டிருக்கு: தனியார் வீட்டில் செலவு குடியிருப்பவருடையது, போகும்போது கைப்பிடியைக் கழற்றணும், ஆனா அதுக்காகச் சுவருக்குள் வெச்ச பலம் அப்படியே இருக்கலாம். அகலப்படுத்தின கதவையும் குறுக்க வேண்டாம், அடுத்து வர்றவருக்கு அதனால இடைஞ்சல் இல்லையே!

நம்ம ஒப்பந்தத்திலும் இதை எழுதிக்கலாம்: "சாய்தளமும் கைப்பிடியும் வாடகைதாரர் செலவு. காலி செய்யும்போது கழற்றி, ஓட்டை அடைத்து, அந்தச் சுவருக்கு மட்டும் வெள்ளையடித்துத் தருவார். அகலப்படுத்திய கதவு அப்படியே இருக்கும்." மாற்றுறதுக்கு முன்னாடி நாலு போட்டோ எடுத்து, தேதியோட வீட்டுக்காரருக்கும் அனுப்பிடுங்க. அட்வான்ஸைத் திரும்பக் கேட்கும் நாளில், "சுவரே போச்சு"ன்னு அவர் பிடித்தம் சொன்னா காட்டுறதுக்கு அதுதான் இருக்கும்.