‘அப்படி ஒரு செய்தியே வரவில்லை’ என்பவர்களுக்கு

திருவிழாவில் சாமி கும்பிடப் போன பட்டியலின இளைஞர்களை அடித்து விரட்டிய செய்தி அது. காலையில் ஒரு நாளேட்டின் இணையப் பக்கத்தில் ‘கோயிலுக்குள் நுழைந்த பட்டியலின இளைஞர்கள் மீது தாக்குதல்’ என்று தலைப்பு இருந்தது. தாக்கியவர்கள் எந்தச் சாதி என்பதும் மூன்றாம் பத்தியில் இருந்தது. அதை மேற்கோள் காட்டிக் கட்டுரை எழுதினேன். மாலையில் அதே சுட்டியில் ‘திருவிழாவில் இரு தரப்பினர் மோதல்’ என்று தலைப்பு மாறியிருந்தது. சாதிப் பெயர் போயிருந்தது. செய்தி திருத்தப்பட்டது என்று ஒரு வரிகூட இல்லை.

ஒரு வாரத்துக்குள் எங்களுக்குப் பதில் வந்தது: ‘செய்தியில் இல்லாததைக் கற்பனை செய்து சாதி மோதலைத் தூண்டுகிறார்கள். அவர்கள் கொடுத்த சுட்டியையே திறந்து பாருங்கள்.’ திறந்து பார்த்த வாசகர்களுக்கு அவர்கள் சொன்னதுதான் கண்ணில் பட்டது. அடித்தவன் ‘ஒரு தரப்பு’ ஆனான், அடிபட்டவன் ‘இன்னொரு தரப்பு’ ஆனான், நான் பொய்யன் ஆனேன்.

பக்கம் அழிந்துபோனால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். ‘பக்கம் இல்லை’ என்று திரை சொன்னால், ஏதோ இருந்து எடுக்கப்பட்டிருக்கிறது என்றாவது வாசகர் நினைப்பார். சுட்டி உயிரோடிருக்க உள்ளடக்கம் மட்டும் மாறுவதுதான் கொடுமை. நம் சாட்சியே பிறழ்சாட்சியாகி எதிர்த்தரப்புக் கூண்டில் போய் நிற்கிறது.

என் கட்டுரையின் கீழே ‘பார்த்த நாள்’ என்று தேதி போட்டிருந்தேன். தேதி தேவைதான். அன்றைக்கு அங்கே இருந்ததைப் பார்த்து எழுதினேன், இன்றைக்கு இருப்பதற்கு நான் பொறுப்பல்ல என்று அது சொல்கிறது. ஆனால் அது என் வாக்குமூலம் மட்டுமே. வாசகர் அதை நம்பலாம், சரிபார்க்க முடியாது. தோழர்கள் சிலர் ‘ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதே, போடுங்கள்’ என்றார்கள். உலாவியிலேயே ஒரு பக்கத்தின் எழுத்துகளை மாற்றிப் படமெடுக்க ஒரு நிமிடம் போதும். எதிர்த்தரப்பின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் ஸ்கிரீன்ஷாட்டை நாம் நம்புகிறோமா? நம்முடையதை மட்டும் ஊர் ஏன் நம்ப வேண்டும்?

செய்திருக்க வேண்டிய வேலை ஒரு நிமிட வேலை. எழுத உட்காரும் முன்பே, செய்தியைப் படித்த கையோடு, இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் `web.archive.org/save` என்ற முகவரிக்குப் போய்ச் சுட்டியை ஒட்டியிருக்க வேண்டும். நமக்கும் அந்த நாளேட்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆளிடம் ஒரு பிரதி தங்கியிருக்கும். அந்தப் பிரதிக்குத் தனி முகவரி உண்டு. கட்டுரையின் கீழே தலைப்பு, இதழ், வெளியான நாள், பார்த்த நாளும் நேரமும், மூலச் சுட்டி, காப்பகச் சுட்டி ஆகிய எல்லாம் வர வேண்டும். தலைப்பை அன்றிருந்தபடியே எழுத வேண்டும். பிற்பாடு ஒப்பிட அதுதான் முதல் தடயம்.

தகராறு வந்த பிறகு நான் காப்பகத்தில் தேடினேன். ஒரே ஒரு பிரதி இருந்தது, இரண்டு நாள் கழித்து எடுக்கப்பட்டது. அதாவது மாற்றப்பட்ட வடிவம். பாராமல் அதைக் கட்டுரையில் சேர்த்திருந்தால் எதிரிக்கு நானே ஆவணம் எடுத்துக் கொடுத்தவனாகியிருப்பேன். அதனால் சேமித்ததும் பிரதியைத் திறந்து, நாம் மேற்கோள் காட்டும் வரி அதில் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். சில பக்கங்கள் வெறுமையாகப் பதிவாகும். உள்நுழையச் சொல்லும் பக்கங்கள் பெரும்பாலும் பதிவாவதே இல்லை.

தேதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. காப்பக முகவரியின் நடுவில் வரும் பதினான்கு இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. ஆனால் அது உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும். மே 16 நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு நாம் சேமித்தால் முகவரியில் `20240515193000` என்று மே 15 தான் வரும். ‘செய்தி வந்தது 16, இவர்கள் பிரதி 15, பாருங்கள் மோசடியை’ என்று கிளம்ப ஆட்கள் இருக்கிறார்கள். பார்த்த நேரத்தோடு ‘இந்திய நேரம்’ என்று எழுதிவிட்டால் அந்த வாய் மூடும்.

இதெல்லாம் சில்லறை நாளேடுகளின் சேட்டை என்று நினைக்க வேண்டாம். இந்துஸ்தான் டைம்ஸ் 2017இல் தொடங்கிய ‘ஹேட் டிராக்கர்’ மதத்தோடு சாதியின் பேரால் நடக்கும் வெறுப்புக் குற்றங்களையும் பதிந்தது. அதே ஆண்டே அது எடுக்கப்பட்டது. மத அடையாளத்தின் பேரால் நடக்கும் குற்றங்களைத் தொகுத்த ‘ஹேட் கிரைம் வாட்ச்’ 2018இல் வந்து 2019 செப்டம்பரில் இறக்கப்பட்டது. அவற்றை அடிக்குறிப்பில் காட்டியவர்களின் சுட்டிகள் ஒரே நாளில் அநாதையாயின.

அரசுப் பக்கங்களில் சதியே வேண்டியதில்லை, தளத்தைப் புதுப்பித்தாலே போதும். தேசிய குற்ற ஆவணப் பணியகத்தின் தளம் `ncrb.nic.in` என்பதிலிருந்து `ncrb.gov.in`க்கு மாறியது. பழைய கட்டுரைகளில் நாம் கொடுத்த வன்கொடுமைக் கணக்குகளின் சுட்டிகளைச் சொடுக்கினால் ஒன்றும் வராது. இதற்கு வெறும் சுட்டியை நம்பாமல் ‘கிரைம் இன் இந்தியா 2022, அட்டவணை 7A.1’ என்று எழுதினால் போதும். பட்டியலினத்தவர் மீதான குற்றங்கள் அந்த ஆண்டு 57,582 என்பதைச் சுட்டி செத்தாலும் அச்சுப் பிரதியிலோ வேறு தளத்திலோ தேடி எடுக்கலாம்.

காப்பகத்தையும் கடவுளாக்கிவிட வேண்டாம். 2017 ஆகஸ்டில் இந்தி சினிமா நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய ஒரு தடையாணையில் இன்டர்நெட் ஆர்க்கைவும் சிக்கி, இந்தியாவில் முடக்கப்பட்டது. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் சில நாட்கள் அது திறக்கவே இல்லை. தளத்தின் உரிமையாளர் கேட்டுக்கொண்டால் தன் பக்கங்களின் பழைய பிரதிகளைக் காப்பகம் மறைத்துவிடுவதும் உண்டு. ஆகவே நம் அலுவலகக் கணினியிலும் ஒரு பிடிஎஃப் இருக்கட்டும். வெளியாளுக்கு அது சாட்சியாகாது என்றாலும், எந்த வார்த்தைகளைத் தேட வேண்டும் என்று நமக்காவது தெரியும்.

ஒன்றில் மட்டும் கையை அடக்க வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரையோ ஊரையோ வெளியிட்டுவிட்டு, பிறகு அதை நீக்கும் செய்திகள் உண்டு. அந்த நீக்கம் சட்டப்படியே சரி. அத்தகைய பக்கத்தைக் காப்பகத்தில் ஏற்றி நிரந்தரமாக்குவது அவள் மீது நாம் செய்யும் இரண்டாவது குற்றம். அங்கே நீதிமன்ற ஆவணத்தையோ, அடையாளம் காட்டாத வேறு செய்தியையோ தேடிக்கொள்ள வேண்டும்.

நாமும் யோக்கியமாக இருக்க வேண்டும். நம் தளத்திலேயே பிழை கண்டால் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போகும் பழக்கம் இருக்கிறது, நானே செய்திருக்கிறேன். இனி என் பத்தியில் எதை, எந்த நாளில் திருத்தினேன் என்று கீழே வரும். பழைய கட்டுரைகளின் சுட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டிருக்கிறேன். செத்தவற்றுக்குக் காப்பகத்தில் சரியான பிரதி கிடைத்தால் சேர்க்கிறேன். கிடைக்காத இடத்தில் ‘இப்போது சரிபார்க்க இயலவில்லை’ என்று எழுதிவிடுகிறேன். அந்தத் திருவிழாக் கட்டுரையின் கீழும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.