எதுகையும் பொருளும்

எதுகையென்பது அடிகளின் முதற்சீர்களில் இரண்டாமெழுத்து ஒன்றிவருதல். முதலெழுத்துக்களும் குறிலுக்குக் குறிலாக, நெடிலுக்கு நெடிலாக அளவொத்தல் வேண்டும். இவ்விதியே இசைப்பாடல் எழுதுவோரைப் பொருளினின்றும் இழுத்துச் செல்வதுண்டு.

கடலுக்குச் சென்ற கணவனை எதிர்நோக்கியிருக்கும் ஒருத்தியின் பாட்டைக் கொள்வோம்:

‘வலையோடு சென்றவன் திரும்பவில்லை
கலையோடு தீபமும் அணையவில்லை’

இங்கே ‘கலையோடு’ என்பதற்கு யாது பொருள்? அச்சொல்லை நீக்கிப் பாருங்கள். கருத்தில் ஒன்றுங் குறையாது. வலைக்கு எதுகையாவதன்றி அதற்கு வேறு தொழிலில்லை.

முதலடியை மாற்றலாகாதெனக் கொண்டு, இரண்டாமடியிலேயே சொல் தேடுவதால் வரும் தவறு இது. அவள் துயரைச் சொல்வது விளக்கு. அதனை அடிமுதலில் நிறுத்தி, அதற்கியைந்த சொல்லை முதலடிக்குத் தேடுதல் வேண்டும்:

‘இளங்காலை சென்றவன் திரும்பவில்லை
விளக்கின்னும் வாசலில் அணையவில்லை’

ளகரம் ஒன்றிவிட்டது, சீரளவு மாறாமையால் மெட்டும் கெடவில்லை. ‘இளங்காலை’ என்பது அவள் காத்திருந்த பொழுதின் நீளத்தையும் உணர்த்துகின்றது. வலை போயிற்றே எனின், அஃது அடுத்த அடியில் வரட்டும். அவ்வாறும் சொல் வாய்க்காவிடின், அவ்விடத்தில் எதுகையை விட்டு மோனையோடு அமைவதே முறை. எதுகையின் குறையைப் பாடுவோன் குரல் மறைத்துவிடும். ‘கலையோடு’ போன்ற சொல்லையோ அது மேலும் எடுத்துக்காட்டும்.