எரிந்த நூல் யார் கணக்கில்?

காலனி வீட்டில் தறி போட இடமில்லாத தலித் நெசவாளருக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்கூடம்தான் வேலை செய்யும் இடம். கல்லாவியோ வேறு ஊரோ, அந்தக் கூடம் தீப்பற்றினால், மொத்த இழப்பை மட்டும் சொல்லும் சங்க அறிவிப்பு போதாது. உறுப்பினர்வாரியாக மதிப்பு வேண்டும்.

சங்கம் கொடுத்த நூல் சங்கத்துடையது. தறியும் அச்சும் நெசவாளர் சொந்தமாக வாங்கியவையாக இருக்கலாம். நெய்து முடித்து ஒப்படைக்காத துணியில் அவருடைய கூலியும் அடங்கியிருக்கிறது.

உதாரணமாக, ஆறு சேலைக்கான பாவில் நான்கு நெய்து தறியிலேயே சுருட்டியிருந்தது என்போம். சேலைக்குக் கூலி 600 ரூபாய் என்றால், 2,400 ரூபாய் அவருக்குச் சேர வேண்டியது. எல்லாவற்றையும் சங்கத்தின் சரக்கு என்று எழுதினால் அந்தக் கூலி மறைந்துவிடும். அதைவிட மோசம், பாஸ்புக்கில் நூல் வாங்கிய பதிவு இருக்கும். துணி கொடுத்த பதிவு இருக்காது. எரிந்த நூல் அவர் தலையில் கடனாக நிற்கும்.

ஆகவே சாம்பலை அள்ளுமுன், ஒவ்வொரு தறியையும் உரியவர் முன்னிலையில் படமெடுத்து, பாஸ்புக்கைச் சங்கத்தின் நூல் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். பதிவேடும் எரிந்திருந்தால் பாஸ்புக்கே சாட்சி; அதை வீட்டில் வைத்திருங்கள். 'எரிந்த நூலுக்குப் பாக்கி இல்லை' என்ற வரி இல்லாத பட்டியலில் கையெழுத்திடாதீர்கள்.